23ஆவது நிமிடத்தில் உடைந்த வாக்கு

*"சுன்னாகத்தில் தையல் வகுப்பு நடத்துகிறேன். தை மாதம் யூரியூப்பில் ஏற்றிய 'சாறிச் சட்டை வெட்டித் தைப்பது' என்ற 1 மணி 12 நிமிடக் காணொளியில், ஆறாவது நிமிடத்திலேயே மூன்றில் இரண்டு பங்கினர் போய்விட்டதாக வரைபடம் காட்டுகிறது. பிறகு 23இல் ஒரு விழுகை, 41இல் ஓர் ஏற்றம். விளக்கக் குறிப்பை மாற்றி எழுதி, அத்தியாயங்களின் ஒழுங்கையும் மாற்றினால் சரிவருமா? அல்லது காணொளியை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டுமா? வரைபடங்களையும் விளக்கக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்."*
*— தையல் ஆசிரியை, சுன்னாகம்*

அன்புள்ள ஆசிரியைக்கு,

காணொளியை எடுத்துவிட வேண்டாம். நீங்கள் அனுப்பிய வரைபடங்களை வைத்துக்கொண்டு காணொளியை முழுவதுமாக ஒருமுறையும், கோடு விழும் இடங்களை மட்டும் மூன்று நான்கு முறையும் பார்த்தேன். உங்களை அதிகம் கலங்கவைத்திருக்கும் ஆறாவது நிமிடம் உண்மையில் பெரிய நட்டம் அன்று. நட்டம் 23ஆவது நிமிடத்தில் இருக்கிறது. அதற்குக் காரணம், விளக்கக் குறிப்பின் மூன்றாவது வரியில் நீங்கள் கொடுத்த ஒரு வாக்கு.

முதலில் அந்தக் கோடு எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். பார்வையாளர் தக்கவைப்பு வரைபடம், காணொளியின் ஒவ்வொரு கணமும் எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்பதை மொத்தப் பார்வைகளின் விழுக்காடாகக் காட்டுகிறது. இருந்தவர்களில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்ற கணக்கு அதில் நேரடியாக இல்லை. ஒருவர் ஒரு பகுதியைத் தாண்டிக் குதித்தாலும் அந்தப் பகுதியில் கோடு தாழும். திரும்பத் திரும்பப் பார்த்தால் உயரும். சில காணொளிகளில் அது 100ஐயும் கடக்கும். ஆகவே ஒரு விழுகையைக் கண்டவுடன், அவர்கள் காணொளியை விட்டுப் போனார்களா அல்லது அந்தப் பகுதியை மட்டும் தாண்டினார்களா என்று கேட்க வேண்டும். அதற்கான விடை விழுகையில் இராது. விழுகைக்குப் பின்னால் கோடு மீண்டும் எழுகிறதா என்பதில் இருக்கும்.

உங்கள் கோடு 02:10இல் 54 விழுக்காட்டில் இருக்கிறது. துணி வகைகளையும் பொருட்களையும் நீங்கள் மேசையில் பரப்பி விளக்கும் பகுதி அங்கே தொடங்குகிறது. 6ஆவது நிமிடத்தில் கோடு 33க்கு இறங்குகிறது. ஆனால் 11:30இல் அளவெடுத்தல் தொடங்கும்போது அது 45க்கு ஏறிவிடுகிறது. போனவர்கள் காணொளியை விட்டுப் போயிருந்தால் இந்த ஏற்றத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு 100 பார்வையிலும் குறைந்தது 12 பேர் அத்தியாயப் பட்டையைத் தொட்டு நேரே அளவெடுத்தலுக்கு வந்திருக்கிறார்கள். 54க்கும் 45க்கும் இடையிலான 9 மட்டுமே இந்தப் பகுதியின் மெய்யான இழப்பு; ஒன்பதரை நிமிடத்துக்கு அது வழமையான தேய்மானம். உங்கள் அத்தியாயக் குறிப்புகள் அந்த 12 பேருக்கு உதவியிருக்கின்றன. அவை இல்லாமலிருந்தால் இவர்களிலும் பலர் வெளியேறியிருப்பார்கள்.

23ஆவது நிமிடம் அப்படியன்று. 22:40வரை 43இல் நின்ற கோடு, 23:20இல் 27க்கு வந்துவிடுகிறது. நாற்பது விநாடியில் 16 புள்ளிகள். அதன் பின் 31:05இல் துணி வெட்டத் தொடங்கும்போதுகூட அது எழவில்லை; தொடர்ந்து தாழ்ந்து 41ஆவது நிமிடத்துக்குச் சற்று முன்னர் 21இல் நிற்கிறது. கடதாசி வரைபை மட்டும் தாண்டியவர்களாக இருந்தால் வெட்டும் இடத்திலாவது திரும்பி வந்திருக்க வேண்டும். அவர்கள் வரவில்லை.

காரணத்தைத் தேடும்போது விழுகை தெரியும் விநாடியிலேயே தேடக் கூடாது. யூரியூப் இந்தத் தரவை நிரல்வழி வழங்கும்போது காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை 100 பங்குகளாகவே பிரிக்கிறது. உங்கள் காணொளியில் ஒரு பங்கு ஏறத்தாழ 43 விநாடிகள். அதோடு, ஒருவருக்கு மனம் விட்டுப்போகும் கணத்துக்கும் அவர் விரல் திரையைத் தொடும் கணத்துக்கும் இடையில் ஒரு சிறு தயக்கமும் உண்டு. ஆகவே விழுகைக்கு ஒரு நிமிடம் முன்னதாகத் தொடங்கிக் கேட்க வேண்டும். நான் 21:40இலிருந்து கேட்டேன்.

அங்கே நீங்கள் கடதாசியை மடித்து வைத்து, மடிப்போரத்திலிருந்து 9 அங்குலம் குறிக்கிறீர்கள். பின் கொப்பியைப் பார்த்து, கைக்குழிக்கு ஓர் அளவு, தோளுக்கு ஓர் அளவு, டக் பிடிக்கும் இடத்துக்கு ஓர் அளவு என்று ஐந்து எண்களை அடுத்தடுத்துச் சொல்லிக் குறித்துக்கொண்டே போகிறீர்கள். 9 அங்குலம் என்பது 36 அங்குல மார்புச் சுற்றின் நாலில் ஒன்று என்பதை நீங்கள் சொல்லவில்லை. மற்ற எண்கள் எதிலிருந்து வந்தன என்பதும் சொல்லப்படவில்லை. 34 அல்லது 40 அங்குலச் சுற்றளவுள்ள ஒரு பெண், சற்று முன்னர்தான் உங்களோடு சேர்ந்து எட்டு நிமிடம் தன் உடலை அளந்து குறித்து வைத்தவர், அந்த அளவுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் அங்கே தனித்துவிடப்படுகிறார். உங்கள் விளக்கக் குறிப்போ "உங்கள் அளவு எதுவானாலும் உங்களுக்குப் பொருந்தும் சட்டையை நீங்களே வெட்டலாம்" என்கிறது. அந்த வாக்கை நம்பி 20 நிமிடங்களுக்கு மேல் இருந்தவர்கள்தாம் எழுந்து போயிருக்கிறார்கள். அவர்கள் பொறுமையில்லாதவர்கள் அல்லர். இந்தக் காணொளிக்கு வந்தவர்களில் மிகவும் பொறுமையானவர்கள் அவர்களே. அதனால்தான் இந்த விழுகையை நான் பாரமாக எடுத்துக்கொள்கிறேன்.

இது என் ஊகம் மட்டுமன்று என்பதற்கு நீங்கள் அனுப்பிய இரண்டாவது படமே சான்று. புதிய பார்வையாளர்களையும் திரும்பி வரும் பார்வையாளர்களையும் பிரித்துக் காட்டும் அந்தப் படத்தில், திரும்பி வருபவர்களின் கோடு 23ஆவது நிமிடத்தில் அசையவேயில்லை எனலாம். புதியவர்களின் கோடு மட்டும் செங்குத்தாக விழுகிறது. திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் உங்கள் வகுப்பு மாணவிகளாக இருக்க வேண்டும். நாலால் வகுக்கும் கணக்கையும் மற்றவற்றையும் அவர்கள் வகுப்பிலேயே படித்துவிட்டதால், காணொளியில் அது இல்லாதது அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை.

41:20இன் ஏற்றத்தையும் இதே படத்தால் சோதித்தேன். 21இல் இருந்த கோடு கை பற்றிய அத்தியாயம் தொடங்கியதும் 39க்குத் தாவுகிறது. வகுப்பு மாணவிகளுக்கு வட்ஸ்அப்பில் அந்த இடத்தின் இணைப்பை அனுப்பியிருந்தால் அவர்களாலேயே இந்தத் தாவல் உண்டாகியிருக்கலாம் என்று முதலில் சந்தேகித்தேன். ஆனால் புதியவர்களின் கோட்டிலும் அதே தாவல் இருக்கிறது. தேடலில் வந்தவர்கள் தட்டிய சொற்களின் பட்டியலில் "பிளவுஸ் கை பூட்டுவது எப்படி", "கை சுருக்கம் வராமல்" என்பவை மேலே இருப்பதும் அதோடு பொருந்துகிறது. முழுச் சட்டையும் தைக்கத் தெரிந்து, கை பூட்டும்போது மட்டும் தோள்முனையில் சுருக்கம் விழுகிறதே என்ற கவலையோடு வருபவர்கள் இவர்கள். ஒவ்வொரு 100 பார்வையிலும் குறைந்தது 18 பேர் இதற்காகவே வருகிறார்கள். உங்கள் விளக்கக் குறிப்பில் கை என்ற சொல், அத்தியாயப் பட்டியலில் உள்ள அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர, வேறெங்கும் இல்லை.

அந்த அத்தியாயத்துக்குள்ளேயே 49:30இல் ஒரு சிறு கூர்முனையும் இருக்கிறது; கோடு 47ஐத் தொட்டு ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. 41:20இன் தாவலையும் இதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அத்தியாயத் தொடக்கத்தில் படிபோல் எழுந்து, பின் மெல்லத் தேய்வது புதிதாக வந்து சேர்ந்தவர்களைக் காட்டும். அத்தியாயத்தின் நடுவே ஊசிபோல் எழுந்து உடனே தாழ்வது, இருந்தவர்கள் பின்னோக்கி இழுத்துத் திரும்பப் பார்த்ததைக் காட்டும். 49:30இல் நீங்கள் கைத் துணியின் தலைவளைவில் தளர்வாக நூலோடி, நூலின் இரு முனைகளையும் மெல்ல இழுத்து, வளைவைக் கைக்குழியின் அளவுக்குக் கொண்டுவருகிறீர்கள். மிக அருமையான இடம் அது. ஆனால் உங்கள் இடது கை கமெராவை மறைக்கிறது. திரும்பப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் வியந்து பார்த்திருக்கலாம். மற்றவர்கள் தெரியாததால் பார்த்திருப்பார்கள். அடுத்த பதிப்பில் அந்த ஒரு நிமிடத்தை மேலிருந்து, கை மறைக்காமல் எடுங்கள்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். அத்தியாயங்களின் ஒழுங்கை மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றிய காணொளிக்குள் பகுதிகளை இடம்மாற்ற யூரியூப் ஸ்ரூடியோவில் வழியில்லை. வெட்டி நீக்கத்தான் முடியும். விளக்கக் குறிப்பிலும் நேரக்குறிகள் 00:00இல் தொடங்கி, ஏறுவரிசையில், குறைந்தது மூன்றாக இருக்க வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சமையல் காணொளிக்கு, மக்கள் அதிகம் தேடிய பகுதியின் நேரக்குறியை விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே போட்டேன். வரிசை குலைந்ததால் அத்தியாயப் பட்டை முழுவதும் மறைந்துபோனது. ஒரு வாரம் கழித்தே அதைக் கவனித்தேன். "கை பூட்டுவது இங்கே" என்று தனியாகச் சுட்ட விரும்பினால், அதை மேலே நிறுத்திவைக்கும் கருத்துரையில் எழுதுங்கள். அங்கே நேரக்குறியைத் தொட்டால் காணொளி அந்த இடத்துக்குப் போகும், அத்தியாயங்களோ பாதிக்கப்படா.

ஆகவே வேலை இரண்டு கட்டமாக அமையும். இப்போதுள்ள காணொளியில் முடிந்ததை இந்த வாரமே செய்யலாம். ஒழுங்கு மாற்றம் புதிய பதிப்புக்கு உரியது.

இப்போதுள்ளதில் முதலில் வெட்டு. ஸ்ரூடியோவின் எடிற்றரில் "Trim & cut" வழியாக நீக்கினால் காணொளியின் இணைப்பும் பார்வைகளும் கருத்துரைகளும் அப்படியே இருக்கும். வகுப்பு நேரங்களையும் சப்ஸ்கிரைப் வேண்டுகோளையும் சொல்லும் 00:25 முதல் 01:25 வரையான ஒரு நிமிடத்தை நீக்குங்கள். துணி வகைகளைப் பற்றிய 02:10 முதல் 08:10 வரையான ஆறு நிமிடங்களையும் நீக்குங்கள். 08:10க்குப் பின்னுள்ள பகுதியை விட்டுவையுங்கள். பருத்தி லைனிங் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்தி மினுக்காவிட்டால், முதல் தோய்ச்சலிலேயே அது சுருங்கி மேற்துணியை இழுத்துவிடும் என்று நீங்கள் விளக்குவது அங்கேதான். தாழ்ந்திருந்த கோடு அந்த இடத்தில் சற்று மேலெழுவதையும் காண்கிறேன். மூலக் கோப்பு உங்கள் கணினியில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வெட்டுங்கள். மனம் மாறினால் அதே எடிற்றரில் "Revert to original" இருக்கிறது. வெட்டுமுன் இன்றைய வரைபடத்தைப் படம்பிடித்து வையுங்கள், ஏனெனில் பழைய நேரங்களும் புதிய நேரங்களும் பின்னர் ஒன்றோடொன்று பொருந்தா.

ஏழு நிமிடங்கள் போனதால் பின்னுள்ள நேரக்குறிகள் யாவும் நகரும். யூரியூப் அவற்றைத் தானாகத் திருத்தாது. இதை மறந்து, அத்தியாயத்தைத் தொட்டவரை வேறோர் இடத்தில் கொண்டுபோய் விடுகின்ற காணொளிகளை நிறையக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது வாக்கு. இதை எழுதும்போது நீங்கள் நேர்மையாக ஒரு முடிவெடுக்க வேண்டும். இந்தக் காணொளி எல்லா அளவுகளுக்கும் கற்பிக்கவில்லை. 36 அங்குலத்துக்கு மிக நன்றாகக் கற்பிக்கிறது. அதையே சொல்லுங்கள். வாக்கைச் சுருக்கினால் பார்வை குறையுமே என்று அஞ்ச வேண்டாம். இப்போது நீங்கள் இழப்பவர்கள் 22 நிமிடங்களைச் செலவழித்த பின்னர், உங்கள் மீதுள்ள நம்பிக்கையையும் இழந்துதான் போகிறார்கள். மற்ற அளவுகளுக்கு, எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை மட்டும் காட்டும் பத்துப் பன்னிரண்டு நிமிடச் சிறு காணொளி ஒன்றைத் தனியாக எடுங்கள். 34, 36, 40 ஆகிய மூன்று அளவுகளையும் ஒரே கடதாசியில் மூன்று நிறப் பேனாவால் வரைந்து காட்டினால் போதும். பின் நீண்ட காணொளியில், பழைய 22:40 இப்போது 15:40 ஆகிவிடுவதால், அதற்குப் பத்து விநாடி முன்னர், 15:30இல், அந்தச் சிறு காணொளிக்கு ஓர் அட்டையை, அதாவது திரையின் மூலையில் தோன்றும் இணைப்பை, வையுங்கள். ஏற்றிய காணொளிக்குள் புதிதாக எதையும் செருக முடியாது. ஆனால் மக்கள் எழுந்து போகும் வாசலில் ஒரு வழிகாட்டிப் பலகையை நட அட்டையால் முடியும். ஒரு காணொளிக்கு ஐந்து அட்டைகள் வரை வைக்கலாம். உங்களுக்கு இந்த ஒன்றே போதும்.

விளக்கக் குறிப்பு முழுவதும் 5,000 எழுத்துகள் வரை இடங்கொடுத்தாலும், திறக்காமலே கண்ணில் படுவது அதன் தொடக்கம் மட்டுமே. உங்கள் தொடக்கம் இப்போது "வணக்கம் உறவுகளே, உங்கள் அனைவரையும் மீண்டும் ஒரு காணொளியில் சந்திப்பதில் மகிழ்ச்சி" என்றிருக்கிறது. அந்த இடத்துக்கு நான் எழுதித் தருவது இது:

```
36 அங்குல மார்புச் சுற்றுக்குச் சாறிச் சட்டை, சாரி பிளவுஸ்:
கடதாசியில் வரைந்து, வெட்டி, கை சுருங்காமல் பூட்டும் முறை.
வேறு அளவினர் வரைபுக்கு மட்டும் இதைப் பாருங்கள்: [இணைப்பு]
தொடங்கும் முன்: பருத்தி லைனிங்கை நனைத்து, உலர்த்தி, அயன் செய்து வையுங்கள்.

00:00 தைத்து முடித்த சட்டை
01:10 லைனிங்: வெட்டுமுன் ஏன் நனைக்க வேண்டும்
04:30 அளவெடுத்தல்
12:40 கடதாசி வரைபு, 36 அங்குலம்
24:05 துணி வெட்டி உடலை மூட்டுதல்
34:20 கை வரைந்து வெட்டுதல்
39:00 கை பூட்டுதல்: சுருக்கம் விழாமல்
51:00 கழுத்துப் பட்டி
59:30 கொக்கி
```

இதில் இரண்டு இடங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். "கை" என்று ஒற்றைச் சொல்லில் இருந்த அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். பழைய 46:00இல் நீங்கள் கைத் துணியை வெட்டி முடித்துப் பூட்டத் தொடங்குகிறீர்கள்; சுருக்கத்துக்குத் தீர்வு தேடி வருபவருக்கு அதற்கு முந்திய ஐந்து நிமிடங்கள் தேவையில்லை. அத்தியாயப் பெயர்களில் தேவையான சொல்லை முதலில் வைத்திருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான், ஏனெனில் கைபேசித் திரையில் நீண்ட பெயரின் பின்பகுதி வெட்டுப்பட்டுவிடும்.

முதல் வரியில் "சாறிச் சட்டை"யோடு "சாரி பிளவுஸ்" என்பதையும் சேர்த்ததற்குக் காரணம், முதல் 30 விநாடியிலேயே கோடு 61க்கு வந்துவிடுவதுதான். உங்கள் பார்வையாளர்களின் நாடுகளில் இலங்கைக்கு அடுத்து இந்தியா நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் சட்டை என்றால் நாங்கள் பெண்கள் அணிவதையும் நினைப்போம். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ஆண்கள் அணியும் மேலாடை. உங்கள் முகப்புப் படத்தில் "சட்டை வெட்டுவோம்" என்று மட்டுமே பெரிதாக எழுதியிருக்கிறது. வேறொன்றை எதிர்பார்த்து வந்தவர் அரை நிமிடத்தில் போவது இயல்பு. இந்த இழப்பை விளக்கக் குறிப்பால் மட்டும் சரிசெய்ய முடியாது, ஏனெனில் பெரும்பாலோர் அதைப் படித்துவிட்டுக் காணொளியைத் திறப்பதில்லை. தலைப்பு, முகப்புப் படம், உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம், விளக்கக் குறிப்பின் முதல் வரி ஆகிய நான்கும் ஒரே பொருளைச் சொல்ல வேண்டும். முகப்புப் படத்தில் அந்த எழுத்தை "பிளவுஸ், 36 அங்குலம்" என்று மாற்றி, கையும் தோளும் சேரும் இடத்தை அருகில் காட்டுங்கள்.

புதிய பதிப்பைப் பற்றி. கை பூட்டுவதைத்தான் மக்கள் அதிகம் தேடுகிறார்கள் என்பதற்காக அதைக் காணொளியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. கைக்குழி இல்லாமல் கையை எதில் பூட்டுவது? கோடு சொல்வதை அப்படியே கேட்டு நடந்தால், பாடம் பாடமாக இராது. மக்களின் ஆவல் ஒரு வரிசையைச் சொல்லும். துணி இன்னொரு வரிசையைச் சொல்லும். துணி சொல்வதை மீற முடியாது. ஆனால் துணி கட்டாயப்படுத்தாத இடங்களும் இருக்கின்றன. கையைக் கடதாசியில் வரைவதை நீங்கள் இப்போது உடலை மூட்டிய பிறகு செய்கிறீர்கள். அதனால் கடதாசியும் பென்சிலும் இரண்டாவது முறை மேசைக்கு வருகின்றன. கைக்குழி வளைவை வரைந்த உடனேயே, நாடாவை வளைவின் மேல் நிறுத்தி வைத்து அளந்து, அந்த அளவைக் கொண்டே கையின் தலைவளைவையும் வரைந்து காட்டினால், ஒன்று மற்றொன்றிலிருந்து பிறப்பதைப் பார்ப்பவர் தன் கண்ணாலேயே காண்பார். பின் துணி எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டலாம். வரைபு, வெட்டு, தையல் என்று மூன்று அமர்வுகளாக அது பிரிந்துவிடும்.

அமர்வுகளாகப் பிரிப்பது முக்கியம். இவ்வளவு நீண்ட தையல் பாடத்தை எவரும் ஒரே மூச்சில் பார்த்து முடிப்பதில்லை. கடதாசி வரைபு முடிந்ததும் காணொளியை நிறுத்திவிட்டுத் தான் வரையப் போவார். மறுநாள் திரும்பி வரும்போது அது வேறொரு பார்வையாகக் கணக்கில் சேரும், முதற்பகுதியை அவர் தொடவும் மாட்டார். ஆகவே ஓர் அமர்வின் முடிவில் கோடு விழுந்து, அடுத்த அமர்வின் தொடக்கத்தில் திரும்பி வருபவர்களின் கோடு எழுந்தால், அது பாடம் நடக்கிறது என்பதன் அடையாளம். அந்த விழுகையைச் சரிசெய்ய முயலாதீர்கள். அமர்வு முடியும் இடத்தில் "இதை வரைந்துவிட்டு வாருங்கள், அடுத்து துணி" என்று சொல்லி, அங்கேயே புதிய அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.

துணி வகைகள் பற்றிய ஆறு நிமிடங்கள் புதிய பதிப்பிலும் முன்னால் வர வேண்டாம். லைனிங்கை நனைப்பது மட்டும் விளக்கக் குறிப்பிலும் தொடக்கத்தில் ஒரு வாக்கியத்திலும் இருக்கட்டும், அது முதல்நாளே செய்ய வேண்டிய வேலை. மற்றவை வெட்டும் அத்தியாயத்தில், எந்தத் துணி கத்தரிக்கோலுக்கு அடியில் நழுவும் என்று சொல்ல வேண்டிய நேரம் வரும்போது தானாகவே இடம் பெறும்.

மாற்றத்தின் பலனைப் பார்க்க அவசரப்பட வேண்டாம். தரவு வந்து சேரவே ஓரிரு நாட்கள் ஆகும்; அதைவிட முக்கியம் எண்ணிக்கை. 40 பார்வைகள் மட்டும் இருக்கும்போது ஒருவர் எழுந்து போனாலே கோடு இரண்டரைப் புள்ளி இறங்கும். உங்களுக்கு நாளொன்றுக்கு 30 அளவில் பார்வைகள் வருவதால் மூன்று வாரங்கள் விடுங்கள். பின் திகதி எல்லையை வெட்டுக்கு மறுநாளிலிருந்து தொடங்கும்படி மாற்றி, புதிய பார்வையாளர்களின் கோட்டை மட்டும் எடுத்து, மூன்றே இடங்களைப் பாருங்கள்: 30ஆவது விநாடி, 15:40க்கும் 16:20க்கும் இடைப்பட்ட பகுதி, 39:00. சாம்பல் நிறத்தில் காட்டப்படும் வழமையான அளவோடு ஒப்பிட வேண்டாம். அது உங்களுடைய மற்றக் காணொளிகளில் இதையொத்த நீளமுள்ளவற்றிலிருந்து கணிக்கப்படுவது. இவ்வளவு நீளமான வேறொரு காணொளி உங்களிடம் இல்லை.

15:40இல் விழுகை அப்படியே இருந்து, அட்டையைத் தொட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். அவர்கள் தங்கள் அளவைத் தேடிச் சரியான இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அட்டையையும் எவரும் தொடாமல் கோடும் விழுந்தால், 36 அங்குலத்தைப் பற்றி நான் சொன்ன காரணம் தவறு அல்லது அதோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. அப்போது அந்த இரண்டு நிமிடத்தை, உங்களிடம் இதுவரை படிக்காத ஒருவரின் கையில் நாடாவையும் கடதாசியையும் கொடுத்து, அருகில் இருந்து பாருங்கள். அவர் பென்சில் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். புதிய பதிப்பைப் படம்பிடிக்கத் தொடங்குமுன் அது எனக்குத் தெரிய வேண்டும்.